அடையாறு வீட்டில் எடுத்த நான்கு படங்கள்: கேள்விகளும் பதில்களும்

"வணக்கம். நான் கனடாவில், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். கணவரின் வேலைக்காகச் சென்னைக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அடையாறு இந்திரா நகரில், மாமரமும் கிணறும் உள்ள பழைய தனி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டிலும் தோட்டத்திலும் எடுத்த நான்கு படங்களை அனுப்பியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த உயிரினம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. என் மகளுக்கு ஐந்து வயது. பொழுதெல்லாம் தோட்டத்தில்தான் இருக்கிறாள். இவை என்ன, எதற்குப் பயப்பட வேண்டும் என்று உங்கள் சங்கத்தில் யாராவது சொல்வீர்களா?"

இந்தக் கடிதத்தில் இருந்த கேள்விகளையும், பிறகு தொலைபேசியில் அந்தச் சகோதரி கேட்டவற்றையும் அவருடைய சம்மதத்தோடு இங்கே தொகுத்திருக்கிறோம். நான்கு படங்களில் பாம்புப் படத்துக்கான பதில்தான் நீளமானது. பிழையாகச் சொன்னால் உயிர் போகக்கூடிய படம் அது ஒன்றுதான் என்பதே அதற்குக் காரணம்.

முதல் படம், இரவு 11 மணிக்குக் குளியலறைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்த கோடு போட்ட பாம்பு. பக்கத்து வீட்டு மாமா பார்த்தவுடனே கட்டுவிரியன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. அது கட்டுவிரியன்தானா?

இல்லை. அது ஓநாய்ப் பாம்பு. வெள்ளிக்கோல் வரையன் என்ற பெயரும் அதற்கு உண்டு. அதற்கு மனிதரைப் பாதிக்கும் நஞ்சு கிடையாது. பல்லி பிடித்துத் தின்பதற்காக இரவில் சுவர் ஏறும் பாம்பு அது. உங்கள் குளியலறை விளக்கைச் சுற்றிப் பூச்சிகளும், பூச்சிகளைத் தேடிப் பல்லிகளும், பல்லிகளைத் தேடி இதுவும் வந்திருக்கின்றன. சென்னையில் வீட்டுக்குள் வரும் பாம்புகளில் இது அடிக்கடி காணப்படும் ஒன்று.

பக்கத்து வீட்டு மாமாவின் மேல் குறை சொல்ல மாட்டேன். கரும்பழுப்பு உடலில் வெளிர் பட்டைகள், வழவழப்பான மினுமினுப்பு, இரவு நடமாட்டம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தெரியாத பட்டைப் பாம்பைக் கட்டுவிரியன் என்று எண்ணி விலகி நின்றவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கட்டுவிரியனை ஓநாய்ப் பாம்பு என்று நம்பிக் கையில் எடுத்தவருக்குத்தான் ஆபத்து.

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? நானும் அதைப் பார்க்கப் பழக முடியுமா?

பழகலாம். நீங்கள் அனுப்பிய மூன்று கோணப் படங்களை வைத்தே, நான் பார்த்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பார்த்தேன். உங்கள் குளியலறைச் சுவரில் ஒட்டியிருப்பது ஒரு அடி டைல்ஸ். பாம்பின் வளைவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது ஒன்றரை டைல்ஸ் நீளம் இருக்கிறது, அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். வளர்ந்த ஓநாய்ப் பாம்பின் வழக்கமான அளவு அது. வளர்ந்த கட்டுவிரியன் சுமார் ஒரு மீட்டர் இருக்கும். ஆனால் அளவை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, ஏனென்றால் கட்டுவிரியன் குட்டியும் ஒரு பருவத்தில் 45 சென்டிமீட்டர் இருந்தே தீரும். நஞ்சு குட்டிக்கும் உண்டு.

அடுத்து, பட்டைகள் எங்கே தொடங்கி எங்கே மங்குகின்றன என்று பார்த்தேன். உங்கள் பாம்பின் கழுத்தில், தலையை ஒட்டி, மஞ்சள் கலந்த வெண்மையில் ஓர் அகலமான பட்டை காலர் போலத் தெரிகிறது. அதற்குப் பின்னால் வரும் பட்டைகள் முன்பாதியில் பளிச்சென்று இருக்கின்றன. நடு உடலைத் தாண்டியதும் மங்கிக்கொண்டே போய், வாலில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டுவிரியனில் இது நேர் தலைகீழாக இருக்கும். வளர்ந்த கட்டுவிரியனின் கழுத்துப் பகுதி பெரும்பாலும் வெறும் கருப்பாகவோ மங்கிய புள்ளிகளோடோ இருக்க, பட்டைகள் சற்றுத் தள்ளித் தொடங்கி வாலை நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். பட்டையின் வடிவமும் வேறு. கட்டுவிரியனின் பட்டைகள் சாக்பீஸால் இழுத்த கோடு போல மெல்லியவை. பல இடங்களில் இரண்டிரண்டாக, ஜோடி ஜோடியாக வரும். ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் தனித்தனியாக, முதுகில் குறுகியும் விலாப் பக்கம் இறங்கும்போது விரிந்தும் இருக்கும். உங்கள் இரண்டாவது கோணத்தில், சோப்புத் தட்டுக்கு நேர் மேலே உள்ள பட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே விரியும் அந்த முக்கோணம் நன்றாகத் தெரிகிறது.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட முடியாது. கட்டுவிரியன் குட்டிகளுக்கு முன்பகுதியிலும் பட்டைகள் தெளிவாக இருக்கலாம். ஆகவே "கழுத்திலிருந்தே பட்டை இருக்கிறது, அதனால் இது ஓநாய்ப் பாம்பு" என்று மட்டும் சொன்னால், குட்டிகள் விஷயத்தில் அந்த வாதம் உங்களைக் கைவிட்டுவிடும். பட்டைகள் வாலை நோக்கி மங்குவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே செதில்களைப் பார்க்க வேண்டும்.

செதில்தான் கடைசிச் சாட்சி. கட்டுவிரியனின் முதுகின் நடுவே, தலையிலிருந்து வால் வரை ஒரே வரிசையாக ஓடும் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரியவை. அறுகோண வடிவில், தேனடையின் அறைகளை வரிசையாக அடுக்கியது போல இருக்கும். குட்டியானாலும் முதிர்ந்ததானாலும், நிறம் மங்கியிருந்தாலும், இந்த வரிசை மாறாது. பாம்பின் மூன்றாவது கோணப் படத்தில் விளக்கொளி முதுகில் விழுந்திருக்கிறது. அங்கே நடுவரிசைச் செதில்களும் பக்கத்துச் செதில்களும் ஒரே அளவில்தான் இருக்கின்றன. அதே படத்தில் தலையும் ஓரளவு தெளிவாக இருப்பதால் இன்னொன்றையும் பார்க்க முடிந்தது. மூக்குத் துளை உள்ள செதிலுக்கும் கண்ணை ஒட்டி முன்னால் இருக்கும் செதிலுக்கும் நடுவே ஒரு சிறு செதில் தனியாக இருக்கிறது. ஓநாய்ப் பாம்புக்கு அந்தச் செதில் உண்டு. கட்டுவிரியனுக்கும் நாகத்துக்கும் அது கிடையாது.

சுவர் ஏறியதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். நேர்ச்சுவரில் லாவகமாக ஏறுவது ஓநாய்ப் பாம்பின் இயல்பு, கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் இருப்பது. அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லின் மேல் ஒரு குழந்தையின் உயிரை வைக்க முடியாது.

நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கைப்பேசியில் ஒரே ஒரு படம் அனுப்பினார். தலையும் வாலும் வெட்டப்பட்டு, நடு உடல் மட்டும் இருந்தது. அவசரத்தில் ஓநாய்ப் பாம்பு என்று எழுதிவிட்டேன். சிறிது நேரத்தில் அவர் முழுப் படத்தையும் அனுப்பினார், அது கட்டுவிரியன். அதற்குள் பாம்புபிடிப்பவர் அங்கே வந்துவிட்டதால் தீங்கு எதுவும் நேரவில்லை. அன்று முதல் தலை, நடு முதுகு, வால் ஆகிய மூன்றும் தெரியாத படத்துக்கு "கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் நான் எழுதுவதில்லை.

நஞ்சில்லாத பாம்பு என்றால், அடுத்த முறை நானே ஒரு துணியால் எடுத்து வெளியே விட்டுவிடலாமா?

வேண்டாம். மேலே சொன்ன சாட்சிகளை நிதானமாக, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் நானே முடிவு செய்தேன். இரவில், பதற்றத்தில், ஓடும் பாம்பில் அவற்றைப் பார்க்க யாராலும் முடியாது. ஓநாய்ப் பாம்பும் தயங்காமல் கடிக்கும். கடித்தால் ஊசி குத்தியது போன்ற காயமும், அது உண்மையில் எந்தப் பாம்பு என்ற பீதியும்தான் மிஞ்சும்.

குளியலறைக் கதவை மூடி, கதவின் அடியில் இருக்கும் இடைவெளியைத் துண்டை உருட்டி வைத்து அடைத்துவிட்டு உதவியை அழையுங்கள். வெளியறையில் இருந்தால், இரண்டு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நின்று, அது எங்கே போகிறது என்பதை ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பீரோவுக்கு அடியில் போய் மறைந்த பாம்பைத் தேடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர், 101 என்ற எண்ணில் அழைத்தால், பாம்பு பிடிக்கவும் வருவார்கள். வனத்துறைக்கும் தெரிவிக்கலாம். தடியை எடுத்து அடிக்கப் போகாதீர்கள். பாம்புகளுக்கு 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது ஒருபுறம் இருக்க, அடிக்கவும் பிடிக்கவும் நெருங்கும்போதுதான் பலர் கடி வாங்குகிறார்கள்.

ஒருவேளை கடித்துவிட்டால்? என்ன பாம்பு என்றே தெரியாமல் மருத்துவர் எப்படி மருந்து கொடுப்பார்? பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமா?

பாம்பைக் கொண்டு போக வேண்டாம். இந்தியாவில் கொடுக்கப்படும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே செய்யப்படுவது. மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்து முடிவெடுப்பார். அந்த மருந்துக்கான நஞ்சு எடுக்கும் இடங்களில் ஒன்று உங்கள் வீட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் வடநெம்மேலியில் இருக்கிறது. 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பைத் தடம் பார்த்துப் பிடிக்கத் தெரிந்த இருளர் மக்கள், பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, மீண்டும் வெளியே விடுகிறார்கள். உயிர் பிழைத்த எத்தனையோ பேருக்குத் தங்கள் கையில் ஏறிய மருந்தின் பின்னால் இவர்கள் இருப்பது தெரியாது என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

கட்டுவிரியன் கடியைப் பற்றி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் கடியில் பெரும்பாலும் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. பல்பட்ட இடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தரையில் பாய் விரித்துத் தூங்கியவர், விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, அஜீரணம் என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டுப் படுப்பார். பிறகு கண் இமைகள் தாமாகக் கீழே இறங்கும், விழுங்கவும் பேசவும் சிரமப்படும், கடைசியில் மூச்சுக்கான தசைகள் செயலிழக்கும். ஆகவே இரவில் தூங்கி எழுந்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்றுவலியோடு இமையும் சரிந்தால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் 108ஐ அழைத்துப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைக்க வேண்டும். கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. பச்சிலைக்காரரிடம் போய் நேரத்தைத் தொலைக்கவும் கூடாது.

வீட்டைச் சுற்றிப் பூண்டு நசுக்கிப் போடச் சொல்கிறார்கள். கார்பாலிக் அமிலம் தெளிக்கச் சொல்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா சிறியாநங்கைச் செடி வைத்தால் பாம்பே வராது என்கிறார். எதைச் செய்வது?

எதையும் நம்பியிருக்க வேண்டாம். சிறியாநங்கைத் தொட்டிக்கு அருகிலேயே பாம்பு சுருண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கார்பாலிக் அமிலம் தோலைப் பொசுக்கும் பொருள். தோட்டத்தில் விளையாடும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது பாம்பைவிடப் பெரிய ஆபத்து.

உங்கள் வீட்டில் செய்யத்தக்கது வேறு. குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய்க்குச் சல்லடை மூடி போடுங்கள். கொல்லைக் கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருப்பதாகச் சொன்னீர்கள்; அங்கே ரப்பர் பட்டை அடியுங்கள். கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கும் பழைய செங்கல்லையும் தென்னை மட்டையையும் அப்புறப்படுத்துங்கள், ஆனால் கையுறையோடும், பகல் வெளிச்சத்திலும், அந்தக் குவியலை நீண்ட குச்சியால் கிளறிவிட்ட பிறகும். இரவில் எலிக்குத் தீனியாகும் எச்சில் பாத்திரங்களை வெளியே வைக்காதீர்கள். படுக்கை கட்டிலில் இருக்கட்டும்; கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கட்டுவிரியனிடமிருந்து தூங்குபவரைக் காப்பதற்கு இந்தக் கொசுவலைக்கு ஈடாக நான் அறிந்தது எதுவும் இல்லை. இரவில் வாசல்படி இறங்கும்போது செருப்பும் டார்ச்சும் இருக்க வேண்டும்.

இரண்டாவது படம், இரவு 2 மணிக்கு மாமரத்துக்கும் மாடிச் சன்ஷேடுக்கும் நடுவே எடுத்தது. எங்கள் ஊர் ரக்கூன் போலவே இருக்கிறது. இந்தியாவில் ரக்கூன் உண்டா?

இல்லை, ரக்கூன் அமெரிக்கக் கண்டத்து விலங்கு. உங்கள் படத்தில் இருப்பது மரநாய். பெயரில் நாய் என்று இருந்தாலும் அது நாயும் இல்லை, பூனையும் இல்லை, புனுகுப்பூனையின் உறவினம்.

நீங்கள் ரக்கூனை நினைத்தது முகத்தைப் பார்த்துத்தான். கண்ணைச் சுற்றி முகமூடி போட்டது போன்ற கருமையும், அதற்கு மேலும் கீழும் வெளிர் திட்டுகளும் மரநாய்க்கும் உண்டு. வாலைப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். ரக்கூனின் வால் குட்டையாக, வளையம் வளையமாக இருக்கும். உங்கள் படத்தில் சன்ஷேடின் விளிம்பிலிருந்து கீழே தொங்கும் வால் ஏறக்குறைய உடல் அளவுக்கு நீளமாக இருக்கிறது, முழுக்கக் கருமை, ஒரு வளையமும் இல்லை. புனுகுப்பூனையையும் இதே வாலை வைத்துத்தான் விலக்குகிறோம். அதன் வாலில் வளையங்கள் உண்டு, அது பெரும்பாலும் தரையிலேயே நடமாடும்.

காலையில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரே இடத்தில் எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். அதில் சப்போட்டா, நாவல், வேப்பம் கொட்டைகள் உடையாமல் முழுசாக இருந்தால், உங்கள் வீட்டுக்கு அது வாடிக்கையாக வருகிறது என்று பொருள். பழம்தான் அதற்கு முதன்மையான உணவு. எலி, நத்தை, பூச்சிகளையும் தின்னும். உங்கள் தெருவிலிருந்து சற்று வடக்கே, அடையாற்றங்கரையில், பிரம்மஞான சபையின் பெரிய தோப்பு இருக்கிறது. அங்கிருந்து உங்கள் மாமரம் வரை மதில் மேலும் மரக்கிளை மேலும் கம்பி மேலும் நடந்தே ஒரு மரநாயால் வந்துவிட முடியும்.

மகளைத் தேடி வந்து தாக்கும் விலங்கு இது இல்லை. மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். மூலையில் அடைத்து வழியை மறித்தால் மட்டும் கடிக்கும், எந்தக் காட்டு விலங்கையும் போல. அப்படி எது கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அது மாடியறையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் குடியிருக்கிறது என்று சந்தேகம். இரவில் தடதடவென்று சத்தம். வீட்டுக்காரர் கூண்டு வைத்துப் பிடித்துக் கிண்டியில் விட்டுவிடலாம் என்கிறார்.

வீட்டுக்காரரிடம் இரண்டு காரணங்களைச் சொல்லுங்கள். மரநாய் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அதைக் கூண்டு வைத்துப் பிடிப்பது குற்றம். இன்னொன்று, சீலிங்குக்குள் தாய் குட்டி போட்டிருந்தால், தாயைக் கொண்டுபோய் விட்ட சில நாளில் குட்டிகள் மேலேயே செத்து நாறும். அந்த ஓட்டை திறந்தே இருந்தால் அடுத்த மரநாய் வந்து குடியேறும். ஓட்டையை அடைப்பதுதான் தீர்வு, அதையும் உரிய நேரத்தில் செய்ய வேண்டும்.

பகலில் வெளிப்புறமாக நின்று, கூரைக்கும் சுவருக்கும் நடுவே எங்கே இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். அது நுழையும் இடத்தில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற கறையும், நகக் கீறலும், சில ரோமங்களும் இருக்கும். பகலில் சீலிங்குக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டால் குட்டிகள் இருக்கின்றன. அப்படியானால் அவை தாயோடு வெளியே போகத் தொடங்கும் வரை, இரண்டு மூன்று மாதம், பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தம் இல்லையென்றால், இரவு நன்றாக இருட்டி அது இரை தேடப் போன பிறகு, அந்த இடைவெளியில் பழைய செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் தாளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வெளியிலிருந்து திரும்பி வந்தாலும் தள்ளிவிடும். தொடர்ந்து மூன்று இரவுகள் தாள் வைத்தது வைத்தபடி இருந்தால், உள்ளே எதுவும் இல்லை என்று கொண்டு, கொத்தனாரை அழைத்துத் தடிமனான இரும்பு வலை வைத்துப் பூசிவிடலாம். கூரையின் மேல் வளைந்திருக்கும் மாங்கிளையை ஓர் ஆள் நீளத்துக்கு வெட்டிவிட்டால் வருகை இன்னும் குறையும். மரத்துக்கு அது வரட்டும், விடுங்கள்.

மூன்றாவது படம், பூந்தொட்டிக்கு அடியில் பாதி உடலோடு இருந்த, எண்ணெய் தடவியது போல மினுக்கும் ஒன்று. கால் முளைத்த பாம்பு மாதிரி இருக்கிறது. அக்கா அதைப் பார்த்து அலறி, "அரணை கடித்தால் மரணம்" என்றார்.

அக்கா சொன்ன பெயர் சரி, அது அரணைதான். சொன்ன பழமொழி பொய். அரணைக்கு நஞ்சே கிடையாது. மனிதரைக் கொல்லும் நஞ்சுள்ள பல்லியினம் எதுவும் இந்தியாவில் இல்லை. எதுகை அமைந்த சொல் என்பதால் இது தலைமுறைகளாக நம் வாயில் தங்கிவிட்டது. கடிக்க வந்த அரணை பாதியில் மறந்துவிட்டுத் திரும்பிவிடும், அதனால்தான் யாரும் சாகவில்லை என்று ஒரு கதையும் கூடவே சொல்வார்கள். அந்தக் கதையை நீங்கள் உங்கள் அம்மம்மாவிடமும் கேட்டிருக்கக்கூடும்.

பாம்பு இல்லை என்பதற்குக் காலே போதும். கால் தொட்டிக்கு அடியில் மறைந்திருந்தால், இமையைப் பாருங்கள்: அரணை கண்ணை மூடித் திறக்கும், பாம்புக்கு மூடித்திறக்கும் இமை கிடையாது. மகளிடம் வாலைப் பிடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். வால் துண்டாகித் துள்ளும். குழந்தை பயந்துவிடும், அரணைக்கும் அது பெரிய இழப்பு.

நான்காவது படத்தில், மதில் மேல் தலை முழுக்க ரத்தச் சிவப்பாக, தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. சிவப்பு என்றால் நஞ்சுதானே?

நஞ்சு இல்லை. அது ஆண் ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் தோளும் சிவந்து, தொண்டையின் இருபுறமும் கருந்திட்டு வரும். தண்டால் எடுப்பது இன்னோர் ஆணை எச்சரிக்கவும் பெண்ணைக் கவரவும். அந்தச் சிவப்பு சில நிமிடங்களில் வடிந்து வெறும் பழுப்பாகிவிடும் என்பதால் பலர் இதைப் பச்சோந்தி என்கிறார்கள். பச்சோந்தி வேறு, அதன் கண்கள் கூம்பு போலப் புடைத்துத் தனித்தனியாகச் சுழலும், வால் சுருளும். சிறுவர்கள் ஓணானைக் கண்டால் கல்லெறியும் வழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் மதிலில் அது பாதுகாப்பாக இருக்கட்டும்.

இனிமேல் படம் அனுப்பும்போது எப்படி எடுத்தால் உங்களுக்கு உதவும்?

கிட்டே போகாதீர்கள், இருக்கும் இடத்திலிருந்தே எடுத்து, வெட்டாமல், அசல் படத்தை அப்படியே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள், படமாகப் போனால் செதில் விவரம் எல்லாம் கரைந்துவிடுகிறது. பாம்பென்றால் முழு உடலும் ஒரு படத்தில், முதுகு ஒரு படத்தில், முடிந்தால் தலையின் பக்கவாட்டு ஒரு படத்தில். டைல்ஸ், செங்கல், செருப்பு என்று அளவு தெரிந்த ஏதாவது ஒன்று அருகில் தானாகவே இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள், அதற்காக எதையும் கொண்டுபோய் வைக்க வேண்டாம். தேதி, நேரம், வீட்டின் எந்தப் பகுதி, மழை பெய்திருந்ததா என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், வளைகளில் தண்ணீர் புகுந்து இன்னும் பல உயிரினங்கள் உங்கள் வாசலுக்கு வரும்.

இப்போதைக்கு எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். மாடியறைக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கும் இடத்தைப் பகலில், கீழே தரையில் நின்றபடியே எடுத்து அனுப்புங்கள். கறையும் கீறலும் புதியவையா பழையவையா என்று பார்த்துவிட்டு, எங்கள் உறுப்பினர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் வந்து, எந்த இரவில் தாள் செருகலாம் என்று சொல்வார்.